அறுவடைப் பணத்தில் முதல் பங்கு

ஒரத்தநாடு பக்கம் என் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. மூன்று வருஷத்துக்கு முன் செப்டம்பரில், சிட்டா அடங்கலோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் சம்பா நெல்லுக்குப் பயிர்க்கடன் வாங்கினார். உரமும் ரொக்கமுமாக 70,000 ரூபாய். கெடு அடுத்த ஆகஸ்ட். அதற்குள் கட்டினால் வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசாங்கமே ஏற்கிறது.

பிப்ரவரியில் அறுத்தார். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக 120 மூட்டை போட்டதில், கணக்கில் ஏறியது சுமார் 1,15,000 ரூபாய். கெடுவுக்கு ஆறு மாதம் இருக்கிறதே என்று சங்கக் கடனைக் கடைசியில் வைத்தார். அறுவடை மெஷின் வாடகை, உரக்கடைப் பாக்கி, தங்கை மகள் சீர் என்று சித்திரைக்குள் பணம் கரைந்தது.

ஆகஸ்டில் ஊரில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். வெளியே 70,000 கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டி, புதுக்கடன் எழுதினார். நாலு நாளில் அந்தப் புதுக்கடன் வந்ததும் அதை அப்படியே வெளிக்கடன்காரரிடம் கொடுத்தார். நூற்றுக்கு மூன்று வீதம் 2,100 ரூபாய் தனி. வட்டியில்லாக் கடனுக்கு இது வட்டி. அதைவிடப் பெரிய அடி, சாகுபடிக்கென்று வாங்கிய கடன் உழவு ஓட்டுவதற்கு முன்பே தீர்ந்துபோனது. நாற்றங்காலுக்கு அக்காவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

சங்கச் செயலாளர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "கெடு ஆகஸ்டுன்னா ஆகஸ்டுல கட்டணும்னு இல்லண்ணே. நெல்லுப் பணம் கணக்குல ஏறுற வாரமே கட்டிடுங்க. செப்டம்பர்ல புதுக்கடன் முழுசா உங்க கையில நிக்கும்."

அடுத்த பிப்ரவரியிலும் அதே அளவு பணம் ஏறியதும் மச்சான் முதலில் 70,000-ஐக் கட்டி ரசீது வாங்கினார். மிச்சம் 45,000. மெஷினுக்கும் உரக்கடைக்கும் கொடுத்தபின் குடும்பத்துக்கு நின்றது கொஞ்சம்தான். சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்ட முடிந்தது. அறுப்புக்கு முன்னே நெல்லுக்குள் விதைத்திருந்த உளுந்து சித்திரையில் வந்ததால் வீட்டுச் செலவு ஓடியது. அந்த உளுந்து இல்லாத ஊரில் இந்தத் திட்டம் இவ்வளவு எளிதில் நிற்காது.

செப்டம்பரில் அக்கா ஒரு நோட்டில் உழவு, நாற்று, நடவு, உரம், களை என்று எழுதிக் கூட்டினாள். 50,000 போதும் என்று வந்தது. மச்சான் அவ்வளவுதான் வாங்கினார். ஏக்கருக்கு இவ்வளவு என்று சங்கம் நிர்ணயிப்பது உச்ச அளவு. அதை முழுதாக எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதோடு பயிர்க் காப்பீட்டுக்கும் பணம் கட்டினார், ஏனென்றால் தை மழையில் நெல் சாய்ந்துவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

இந்த வருஷம் கடன் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் கெடு தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்திலேயே உங்கள் அறுவடை மாதத்தையும் எழுதுங்கள். கட்டவேண்டிய மாதம் அதுதான்.