420 எங்கே போயிற்று?

“அவனா? சுத்த 420 ஆச்சே! அவனை நம்பியா பணம் கொடுத்தாய்?”

இப்படி ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு விளக்கம் தேவை இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவருக்கும் புரியும். ‘போர் ட்வெண்டி’ என்றால் ஏமாற்றுப் பேர்வழி. இந்திக்காரர் ‘சார் சௌ பீஸ்’ என்பார். மொழி வேறு, எண் ஒன்றுதான்.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இந்தியாவின் குற்றச் சட்டத்தில் 420 என்ற பிரிவே கிடையாது! வேறு குற்றத்துக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டார்களோ என்றால் அதுவும் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த ‘பாரதிய நியாய சன்ஹிதா’வில் மொத்தமே 358 பிரிவுகள்தான். 420 வரை அந்தச் சட்டம் போகவே இல்லை.

சட்டத்தில் இருந்து போன எண், ஜனங்களின் வாயில் இருந்தும் போகுமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அவுரி வியாபாரியின் கதை

இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837-ல் தயாரித்தது மெக்காலே தலைமையில் இருந்த குழு. அது சட்டமாக நிறைவேறியது 1860-ல். நடைமுறைக்கு வந்தது 1862-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. தாம் போட்ட சட்டம் அமலுக்கு வந்ததைப் பார்க்க மெக்காலே உயிரோடு இல்லை.

அந்தச் சட்டத்தின் 415-வது பிரிவு, ஏமாற்றுதல் என்றால் என்ன என்று சொன்னது. 420-வது பிரிவு அதில் பெரிய குற்றத்துக்கு உரியது. ஒருவரை ஏமாற்றி, அவருடைய பணத்தையோ சொத்தையோ கொடுக்க வைப்பதுதான் அந்தக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. போலீஸ் ஏட்டுகளும், வக்கீல் குமாஸ்தாக்களும், கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்களும் தினம் தினம் உச்சரித்த எண் அது. கோர்ட்டில் இருந்து கடைத்தெருவுக்கு எவ்வளவு தூரம்? நடந்தே வந்துவிட்டது!

ஆனால் கடைத்தெரு 420-க்கும் கோர்ட்டு 420-க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடன் வாங்கித் திருப்பித் தராதவனை எல்லாம் நாம் 420 என்று திட்டுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அவுரிச் செடி பெரிய வியாபாரம். ஒருவன், ‘இவ்வளவு அவுரி தருகிறேன்’ என்று சொல்லி முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. அவன் ஏமாற்றுக்காரன். இன்னொருவனும் அதே மாதிரி முன்பணம் வாங்குகிறான். கொடுக்க வேண்டும் என்றுதான் வாங்கினான். பிறகு வாக்குத் தவறிவிட்டான். அவன் மேல் சிவில் வழக்குப் போடலாம். ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது பார்த்தீர்களா? பணம் கைமாறிய அந்த நேரத்தில், அவன் மனத்தில் என்ன இருந்தது என்பதில் இருக்கிறது.

இந்தக் காலத்துக்கு ஏற்றபடி சொல்வோம். பக்கத்துத் தெரு மளிகைக்காரர் உங்களிடம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். ஆறு மாதத்தில் கடை நொடித்துப் போகிறது. பணம் வரவில்லை. உங்களுக்கு வயிறு எரியும். ஆனாலும் இது 420 அல்ல. வேறொருவர், ‘உங்கள் மகனுக்கு ரெயில்வேயில் வேலை’ என்று அதே 2 லட்சத்தை வாங்குகிறார். போலி உத்தரவு ஒன்றைக் கையில் கொடுக்கிறார். அப்படி ஒரு வேலையே காலி இல்லை. பொய் முதல் நாளே தொடங்கிவிட்டது. இதுதான் அசல் 420.

இந்த வித்தியாசம் தெரியாமல் கடனை வசூலிக்கப் போலீஸ் நிலையத்துக்கு அலைந்தவர்கள் ஏராளம். வாக்குத் தவறுவது எல்லாம் ஏமாற்றுக் குற்றம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லி இருக்கிறது.

சினிமா செய்த சேவை

எண்ணை இந்தியா முழுவதும் கொண்டு போனதில் சினிமாவுக்குப் பங்கு உண்டு. 1955-ல் ராஜ் கபூர் ‘ஸ்ரீ 420’ என்று ஒரு படம் எடுத்தார். ஏழைகளுக்கு 100 ரூபாயில் வீடு என்று ஆசை காட்டிப் பணம் திரட்டும் பெரிய மனிதர்களின் மோசடிதான் கதை. ஏமாற்றுக்காரனுக்கு ‘ஸ்ரீ’ என்று மரியாதைப் பட்டம் வேறு! படம் சக்கைப்போடு போட்டது.

கமல்ஹாசனின் ‘அவ்வை சண்முகி’ இந்தியில் 1997-ல் வந்தபோது அதற்கு ‘சாச்சி 420’ என்று பெயர் வைத்தார்கள். சட்டப்படி பார்த்தால் இதில் ஒரு பிசகு உண்டு. வேறு ஆள் போல நடித்து ஏமாற்றினால் அதற்குத் தண்டனை சொன்னது 419-வது பிரிவு! ஆனால் ‘சாச்சி 419’ என்றால் யாருக்குப் புரியும்?

நைஜீரியாவில் 419

புரியும் ஊர் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா! அந்த நாட்டுக் குற்றச் சட்டத்தில் பொய் சொல்லிப் பொருள் பறிப்பதற்கான பிரிவு 419. இதுவும் வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்தான். அங்கே ஏமாற்றுக்காரனுக்கும், அவன் செய்யும் வேலைக்கும் ‘போர் ஒன் நைன்’ என்று பெயர்.

1980-களில் இந்த எண் உலகப் புகழ் பெற்றது. முன்பின் தெரியாதவரிடம் இருந்து ஒரு கடிதம் வரும். ‘பெரும் பணம் பாங்கியில் முடங்கிக் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க உதவினால் உங்களுக்கும் பங்கு உண்டு. முதலில் செலவுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்’ என்று எழுதி இருக்கும். அனுப்பியவருக்குப் பங்கும் வராது, பணமும் திரும்பாது. தபாலில் வந்த அந்தக் கடிதம் பிறகு இ-மெயிலிலும் வரத் தொடங்கியது.

2006-ல் நைஜீரிய அரசு இத்தகைய மோசடிக்கு என்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. பழைய பிரிவில் தண்டனை அதிகம் போனால் ஏழு ஆண்டுதான். புதிய சட்டத்தில் குறைந்தது ஏழு ஆண்டு; அதிகம் போனால் இருபது. சட்டம் மாறியதே, தெருவில் பெயர் மாறியதா? இல்லை. அங்கே ஏமாற்றுக்காரன் இன்னும் 419 தான்.

பிரேசில் நாட்டிலும் இதே கதை. 1940-ம் ஆண்டுக் குற்றச் சட்டத்தில் மோசடிக்கு உரிய பிரிவு 171. ‘ஒன்று-ஏழு-ஒன்று’ என்று அவர்கள் பாஷையில் சொன்னால் போதும், பர்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

போலீசுக்கும் எண்

திருடனுக்கு எண் இருந்தால் போலீசாருக்கு இருக்காதா? அமெரிக்காவில் போலீஸ் வருகிறது என்று எச்சரிக்க ‘பைவ் ஓ’ என்று குரல் கொடுப்பார்கள். இது சட்டப் பிரிவு அல்ல. 1959-ல் அமெரிக்காவின் 50-வது மாநிலமாகச் சேர்ந்தது ஹவாய்த் தீவு. அந்த 50-ஐப் பெயரில் வைத்து 1968-ல் ஒரு போலீஸ் தொடர் டெலிவிஷனில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய அந்தத் தொடரின் பெயர் தெருப் பிள்ளைகளின் எச்சரிக்கைக் குரலாகிவிட்டது.

வட இந்தியாவில் ‘தஸ் நம்பரி’ என்றால் பெரிய போக்கிரி. போலீஸ் நிலையத்தில் கெட்ட நடத்தைக்காரர்களைக் கண்காணிக்க வைத்திருந்த பத்தாம் நம்பர் பதிவேட்டில் இருந்து வந்த பெயர் அது.

எல்லா எண்ணும் குற்றவாளியைக் குத்துவது இல்லை. சீனாவில் ஒருவரை ‘இருநூற்று ஐம்பது’ என்றால் அசடு என்று அர்த்தம். அதனால் கடைக்காரர் சிலர் 250 என்று விலை வைக்கவே யோசிப்பார்கள். தமிழ்நாட்டில் திருநங்கைகளைப் பார்த்து ‘ஒன்பது’ என்று கேலி செய்யும் வழக்கம் இருக்கிறது. எந்தச் சட்டத்தில் இருந்தும் வந்த எண் அல்ல அது. 420 என்பது செய்த காரியத்தைச் சொல்கிறது. இது பிறப்பைச் சொல்லிக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இப்போது என்ன எண்?

பழைய 420-வது பிரிவு, புதிய சட்டத்தில் 318-வது பிரிவின் நான்காம் உட்பிரிவாக இருக்கிறது. தண்டனை அதே ஏழு ஆண்டு வரைதான். ஆனால் சாதாரண ஏமாற்றுக்கு முன்பு ஓர் ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை, இப்போது மூன்று ஆண்டு வரை என்று உயர்ந்திருக்கிறது.

420 ஒரேயடியாகச் செத்தும் போகவில்லை. 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த மோசடி என்றால் வழக்கு பழைய 420-ன்படிதான் நடக்கும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்குக் கோர்ட்டில் அந்த எண் ஒலிக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய சட்டம் இருக்கிறது. அங்கே உள்ள தமிழர்களுக்கு 420 இன்றைக்கும் சட்டப்படியே 420 தான்!

எண் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளக் கூடியது வேறொன்று. ‘302 கேஸ்’ என்றால் கொலை என்று நமக்குத் தெரியும். புதிய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை 103-வது பிரிவு. 302-வது பிரிவு இப்போது, ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே பேசுவதைப் பற்றியது. வாய்த் துடுக்கில் மாட்டியவனை ‘302-ல் உள்ளே போனான்’ என்று சொன்னால் கேட்பவர் நடுங்கிப் போவார்.

புகார் எழுதும்போது பழைய எண்ணைப் போட்டுவிட்டோமே என்று யாரும் பயப்பட வேண்டியது இல்லை. பிரிவு எண் எழுதுவது போலீசாரின் வேலை. புகார் கொடுப்பவர் எழுத வேண்டியது நடந்த கதையை. எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார்? அதை நம்பி எவ்வளவு பணம், எப்படிக் கொடுத்தீர்கள்? அவர் சொன்னது அன்றைக்கே பொய் என்பது எப்படித் தெரிகிறது? கடைசிக் கேள்விக்கு உரிய பதிலில்தான் கேஸ் நிற்கும். இணையம், போன் வழியாகப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும்.

சரி, வசைமொழி என்ன ஆகும்? இந்தியில் 420-ல் இருந்து ‘சார் சௌ பீசி’ என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது. ஏமாற்று வேலை என்று பொருள். நாமும் ‘420 வேலை’, ‘420 பயல்’ என்கிறோம். எண்ணாக இருந்தது வார்த்தை ஆகிவிட்டது. வார்த்தையை ரத்து செய்யப் பார்லிமெண்டில் மசோதா கொண்டுவர முடியாது.

புதிய எண்ணுக்கு மாறலாமே என்பவர்கள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். “அடே, முன்னூற்றுப் பதினெட்டாம் பிரிவு, நான்காம் உட்பிரிவே!” என்று திட்டி முடிப்பதற்குள், அந்த ஆசாமி பணத்தோடு பஸ் ஏறி இருப்பான்.