ஆப்பில் ஜெயித்த ஃபண்ட், ஃபேக்ட் ஷீட்டில் தோற்றது எப்படி? மூன்று எண்கள் சொல்லும் கதை

மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறார் 28 வயது ஐ.டி ஊழியர் ஒருவர். அவர் பணம் போகும் லார்ஜ் கேப் ஃபண்ட், 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 14.1% வருமானம் தந்திருப்பதாக ஆப் காட்டுகிறது. பக்கத்திலேயே நிஃப்டி 100 குறியீடு 13.7% என்று இருக்கிறது. 'மார்க்கெட்டை ஜெயிச்சிருச்சு' என்று அவர் ஆப்பை மூடிவிடுகிறார்.

அதே ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட் ஷீட்டைத் திறந்தால் கதை மாறுகிறது. அதில் நிஃப்டி 100-ன் வருமானம் 15%. அதாவது, ஃபண்ட் தோற்றிருக்கிறது!

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால், இப்படி இரண்டு விதமாகத் தெரிவது நிஜத்திலும் நடக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள ஃபேக்ட் ஷீட்டில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

எதனோடு ஒப்பிடுகிறார்கள்?

முதலில் பெஞ்ச்மார்க். குறியீட்டை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஒன்று, பங்குகளின் விலை ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பது. இன்னொன்று, அந்த நிறுவனங்கள் கொடுக்கும் டிவிடெண்டையும் மறுபடி முதலீடு செய்ததாக வைத்துக் கணக்கிடுவது. இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் TRI என்ற மூன்று எழுத்துகள் இருக்கும்.

ஃபண்டுக்கு வரும் டிவிடெண்ட், அதன் என்.ஏ.வி-யில் ஏற்கெனவே சேர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டால் ஃபண்டுக்கு சும்மாவே முன்னிலை கிடைத்துவிடும். இதனால்தான் 2018 பிப்ரவரி முதல், ஃபண்டுகள் தங்கள் வருமானத்தை டிஆர்ஐ குறியீட்டோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி விதி கொண்டுவந்தது.

நம் உதாரணத்தில் ஆப் காட்டிய 13.7% விலை மட்டும் சேர்ந்த குறியீடு. ஃபேக்ட் ஷீட்டில் இருப்பது டிஆர்ஐ. 5 ஆண்டுகளுக்கு முன் மொத்தமாகப் போட்ட 10,000 ரூபாய், இந்த ஃபண்டில் சுமார் 19,340 ஆகியிருக்கும். டிஆர்ஐ குறியீட்டில் சுமார் 20,110 ஆகியிருக்கும்.

பெஞ்ச்மார்க் ஃபண்டுக்குப் பொருத்தமானதா என்பதையும் கவனிக்க வேண்டும். லார்ஜ் கேப் ஃபண்ட் குறைந்தது 80% பணத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் போட வேண்டும். மீதியை மிட் கேப் பங்குகளில் போட்டு, மிட் கேப் நன்றாக ஏறிய ஆண்டில் பெஞ்ச்மார்க்கை முந்தினால், அதில் மேனேஜரின் திறமை எவ்வளவு, மிட் கேப் கொடுத்த லிஃப்ட் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஃபேக்ட் ஷீட்டிலேயே இருக்கும் பங்குகளின் பட்டியல் இதற்கு உதவும்.

காசு எங்கே போனது?

அடுத்தது எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. இந்த ஃபண்டில் ரெகுலர் பிளானுக்கு 1.80%, டைரக்ட் பிளானுக்கு 0.80% என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மேனேஜர், ஒரே பங்குகள். ஆனால் ரெகுலர் பிளானில் விநியோகஸ்தருக்கான கமிஷனும் சேர்ந்திருக்கும். டைரக்ட் பிளான் 2013 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் செலவு லாபத்தில் பிடிக்கப்படுவதில்லை, மொத்த முதலீட்டு மதிப்பில் பிடிக்கப்படுகிறது. 3 லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தால், 1.80% என்பது ஆண்டுக்கு 5,400 ரூபாய். தினமும் சுமார் 15 ரூபாய், என்.ஏ.வி கணக்கிடும்போதே கழிந்துவிடும். சந்தை இறங்கிய நாளிலும் கழியும். தனியாக பில் வராததால் கண்ணில் படுவதில்லை.

இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஃபேக்ட் ஷீட்டில் உள்ள 14.1%-லிருந்து 1.80%-ஐ மறுபடி கழிக்கிறார்கள். அது தேவையில்லை. அந்த 14.1% செலவு போக மிஞ்சியதுதான்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் புரியும். 14.1 உடன் 1.8 சேர்த்தால் 15.9. அதாவது செலவுக்கு முன், மேனேஜர் குறியீட்டை சுமார் 0.9% முந்தியிருக்கிறார். வேலையை ஓரளவு ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த லாபம் ரெகுலர் பிளான் முதலீட்டாளர் கைக்கு வந்து சேரவில்லை. டைரக்ட் பிளானில் இருந்தவருக்கு சுமார் 15.1% கிடைத்திருக்கும், குறியீட்டைவிட நூலிழை அதிகம்.

1% என்ன பெரிய வித்தியாசமா? ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12% வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 9.65 லட்சம். 11% வளர்ந்தால் சுமார் 8.06 லட்சம். வித்தியாசம், போட்ட முதலைவிட அதிகம்.

மறைந்திருக்கும் செலவு

மூன்றாவது, போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர். கடந்த 12 மாதங்களில் ஃபண்ட் வாங்கிய பங்குகளின் மதிப்பு, விற்ற பங்குகளின் மதிப்பு இரண்டில் எது குறைவோ, அதை ஃபண்டின் சராசரி சொத்து மதிப்பால் வகுத்தால் கிடைப்பது. சில நிறுவனங்கள் இதை 140% என்று போடும், சில 1.40 என்று போடும். இரண்டும் ஒன்றுதான்.

நம் ஃபண்டில் இது 140%. தோராயமாக ஒரு பங்கைச் சராசரியாக எட்டரை மாதம்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பங்கை வாங்கும்போதும் 0.1%, விற்கும்போதும் 0.1% பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. 140% டர்ன்ஓவருக்கு இந்த வரி மட்டுமே ஆண்டுக்குக் குறைந்தது 0.28%. தரகுக் கட்டணம் தனி.  இந்த வரி நேரடியாக வருமானத்தைத்தான் குறைக்கும்.

டர்ன்ஓவர் அதிகம் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகளில் வாங்கி விற்பதுதான் தொழிலே. அங்கே இந்த எண் மிகப் பெரிதாக இருக்கும். புதிய மேனேஜர் வந்து பங்குகளை மாற்றினாலும் ஓராண்டுக்கு ஏறித் தெரியும். ஆனால் 'நீண்டகால முதலீடே எங்கள் பாணி' என்று சொல்லும் ஃபண்டில், மூன்று ஆண்டுகளாக 140% இருந்தால் அந்தப் பேச்சும் எண்ணும் பொருந்தவில்லை.

இனி என்ன செய்வது?

ஒரு மாத ஃபேக்ட் ஷீட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 5 ஆண்டு வருமானம் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பொறுத்து மாறும். ஓராண்டுக்கு முந்தைய ஃபேக்ட் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து, டிஆர்ஐயோடு உள்ள இடைவெளி எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். மேனேஜர் எப்போதிலிருந்து நிர்வகிக்கிறார் என்பதும் அதிலேயே இருக்கும். அவர் வந்து 14 மாதம்தான் ஆகிறது என்றால், 5 ஆண்டு சாதனை அவருடையது அல்ல.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் வரிச் சட்டப்படி விற்பனைதான். எக்ஸிட் லோடும் மூலதன ஆதாய வரியும் வரலாம். அதனால் பழைய யூனிட்களை அப்படியே விட்டுவிட்டு, புதிய எஸ்ஐபியை மட்டும் டைரக்டில் தொடங்குவது ஒரு வழி.

விநியோகஸ்தர் உண்மையிலேயே வழிகாட்டுகிறார், சந்தை விழும்போது பதறி விற்கவிடாமல் தடுக்கிறார் என்றால், அந்த 1% அவருக்கான சம்பளம். அவர் பெயரே நினைவில்லை என்றால், அந்த 3 லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் எதற்காகப் போகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.