முதல் பத்தை எதுவரை நம்பலாம்?

தகவல் மீட்டெடுப்பு ஆய்வில் ஈடுபட்டிருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு கருத்தை முன்வைக்கிறேன். போலிப் பொருத்தப் பின்னூட்டத்தைத் தமிழ்த் தேடலில் எல்லா வினவல்களுக்கும் ஒரே சீராக ஏவிவிடுவது தவறு என்பதே அது.

பொருத்தப் பின்னூட்டம் என்பது ராக்கியோ 1971இல் வெளியிட்ட கட்டுரைவழி பரவலான முறை. பயனர் பொருத்தமானவை எனச் சுட்டும் ஆவணங்களிலிருந்து சொற்களை எடுத்து வினவலை விரிவாக்குவது அதன் வழி. பயனர் பெரும்பாலும் எதையும் சுட்டுவதில்லை. எனவே தேடலில் முதலில் வரும் பத்து ஆவணங்களும் பொருத்தமானவை என்று பொறியே கொள்கிறது. அவற்றில் மிகுந்து வரும் சொற்களைச் சேர்த்து மீண்டும் தேடுகிறது. குரோஃப்டும் ஹார்ப்பரும் 1979இல் இத்தகைய எடுகோளை ஆராய்ந்தனர். இன்று பைசெரினி போன்ற கருவியில் இதற்கு ஒரே வரி போதும்:

```
searcher.set_rm3(fb_terms=10, fb_docs=10, original_query_weight=0.5, filter_terms=False)
```

பத்து ஆவணங்கள், பத்துச் சொற்கள், மூல வினவலுக்குப் பாதி எடை என்பது இதன் பொருள்.

இம்முறையால் தமிழுக்கு உண்மையான பயன் உண்டு. 'ஏலம்' என்று தேடுபவருக்கு 'ஏலக்காய்', 'ஏலத்தோட்டம்', 'ஏலச்செடி' ஆகியவற்றையும் இது தானே சேர்த்துத் தரக்கூடும். வேர்ச்சொல் பிரிப்பான் செம்மையாக இல்லாத மொழிக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே சொல்லே இதன் ஆபத்தையும் காட்டுகிறது.

'ஏலம்' ஒரு பயிர்; 'ஏலம்' ஒரு விற்பனை முறையும் கூட. இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே வாழ்கின்றன. மலைச்சரிவுகளில் ஏலத்தோட்டங்கள், அருகே புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேல மையம். ஏலம் முடிந்ததும் வரத்து, விற்பனை, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றைச் சொல்லும் குறிப்புகள் வெளிவருகின்றன. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராயும் மாணவி ஒருவர், இக்குறிப்புகளும் தொழிலாளர் கட்டுரைகளும் கலந்த ஒரு தொகுப்பில் 'வண்டன்மேடு ஏலம் தொழிலாளர்' என்று தேடுவதாகக் கொள்வோம். விலைக்குறிப்புகளில் 'தொழிலாளர்' என்ற சொல்லே இராது. ஆயினும் அவை மிகச் சிறியவை. மற்ற இரு சொற்களும் அச்சிறு பரப்பில் அடர்ந்து வருவதால், முதல் பத்தில் எட்டு இடங்களை அவை பிடித்துவிட முடியும்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். மூல வினவலில் மூன்று சொற்களுக்கும் எடை மூன்றில் ஒன்று. விரிவாக்கத்தில் அது பாதியாகி, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.167 ஆகும். மீதிப் பாதி, பின்னூட்டம் தரும் பத்துச் சொற்களுக்கு. எளிமைக்காக அவற்றுக்குச் சம எடை, அதாவது 0.05 வீதம், கொடுப்போம். அப்பத்தில் 'வண்டன்மேடு', 'ஏலம்' இரண்டும் இருக்கும். எஞ்சிய எட்டும் விலை, கிலோ, வரத்து, சராசரி போன்றவையாக அமையும். முடிவில் 'தொழிலாளர்' 0.167இலேயே நிற்க, மாணவி கேட்காத எட்டுச் சொற்கள் சேர்ந்து 0.40 எடையைப் பெறுகின்றன. இரண்டாம் தேடலில் முன்பு கிடைத்த இரு தொழிலாளர் கட்டுரைகளும் கீழே தள்ளப்படும். ஆய்வாளர் இதையே வினவல் நழுவல் என்பர்.

இதற்கு மாற்றாகப் பலர் தெளிவு மதிப்பை நாடுகின்றனர். முதல் ஆவணங்களின் மொழி, தொகுப்பின் பொது மொழியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது அளக்கிறது. மதிப்பு மிகுந்தால் மட்டும் விரிவாக்குவது உத்தி. இங்கே அந்த உத்தி பலிக்காது. ஒரே அச்சில் வார்த்த எட்டு விலைக்குறிப்புகளுக்குத் தெளிவு மதிப்பு உயர்ந்தே வரும். ஒருமித்த குரல் வேறு, உரிய விடை வேறு.

எனவே நான் வேண்டுவன இரண்டு. முதலாவது, பின்னூட்டத்துக்கு எடுக்கும் பத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலிருப்பவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும். வினவலின் ஏதேனும் ஒரு சொல் அப்பத்தில் பெரும்பாலானவற்றில் இல்லையெனில், விரிவாக்கத்தைக் கைவிட வேண்டும். பொருத்தமான ஆவணம் வேறு சொல்லால் அதே கருத்தைச் சொல்லும்போது இச்சோதனை ஒரு நல்ல விரிவாக்கத்தையும் தடுத்துவிடலாம். அந்த இழப்பை ஏற்கலாம். மூல விடைகளாவது கெடாமல் எஞ்சும்.

இரண்டாவது, ஆய்வேடுகளில் சராசரித் துல்லியத்தோடு நின்றுவிடக் கூடாது. ஐம்பது வினவல்களில் முப்பது மேம்பட்டு இருபது கெட்டிருந்தாலும் சராசரி உயரக்கூடும். மேம்பட்டவற்றிலிருந்து கெட்டவற்றைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் 0.2 மட்டுமே வரும். அந்த எண்ணையும், கெட்ட இருபது வினவல்களின் பட்டியலையும் சேர்த்து அச்சிடுங்கள். தமிழின் இருபொருட் சொற்கள் எங்கே நம்மை வழிதவறச் செய்கின்றன என்பதை அந்தப் பட்டியலில்தான் காண முடியும்.