அடுத்தவர் பேர்ல நிலமா? வேண்டாங்க

பட்டணத்துல இருந்து வந்து, "நிலம் வாங்கணும், பத்திரம் மட்டும் ஊர்ல இருக்கிற நண்பர் பேர்ல இருக்கட்டும்" என்பவர்கள் உண்டு. அதற்குப் பேர்தான் பினாமி.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீங்கள் 20 லட்சம் கொடுத்து நண்பர் பேர்ல 2 ஏக்கர் வாங்குறீங்க. பத்திரம், பட்டா ரெண்டும் அவர் பேர்ல. சில வருஷத்துல அவர் இறந்துட்டா, நிலம் வாரிசுகளுக்குப் போகும். "பணம் என்னோடது" என்று கோர்ட்டுல கேட்டு வாங்க 1988-ஆம் வருஷச் சட்டம் விடாது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வைத்திருந்தால், அதுவே பினாமிக்குச் சாட்சி.

சரி, நண்பர் நல்லவர், திருப்பி எழுதித் தர்றார் என்றே வையுங்க. அதுவும் செல்லாது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை அரசே எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். வரியையோ கடன்காரரையோ ஏமாத்தச் செய்திருந்தால், ரெண்டு பேருக்கும் 1 முதல் 7 வருஷம் வரை கடுங்காவல். சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம்.

மனைவி, கணவர், பிள்ளைகள் பேர்ல கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கலாம். உடன்பிறந்தவர், பெற்றோர் என்றால் பத்திரத்தில் உங்க பேரும் சேர்ந்திருக்கணும். மச்சானும் நண்பரும் இதில் வரமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் வயல் வாங்கலாம். அப்புறம் எதுக்குங்க அடுத்தவர் பேர்? உங்க பேர்லயே வாங்குங்க. பார்த்துக்க மட்டும் நண்பரை வையுங்க.