அந்தக் கந்தல் துணியைப் பிடுங்காதீர்கள்!

இரண்டு வயதுக் குழந்தை ஒரு கிழிந்த துணியையோ, காது பிய்ந்த பொம்மையையோ விடாமல் வைத்திருந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'சீ, அழுக்கு' என்று பிடுங்கிவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுக்கிறோம். குழந்தையோ புதுசைத் தூக்கி வீசிவிட்டு, வீடே இரண்டுபட அழுகிறது. உடனே 'பிடிவாதம்' என்கிறோம். இது பிடிவாதம் அல்ல என்பதே என் கட்சி.

பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் வாசனையை அடையாளம் கண்டுகொள்ளும். பழைய துணியில் தாயின் வாசனை, பால், எச்சில் எல்லாம் ஊறிக் கிடக்கின்றன. புதுத் துணியில் கடைக் கஞ்சி வாடைதான். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டொனால்டு வினிகாட் 1951-லேயே இதை விளக்கினார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாண்ட, குழந்தை தானே தேடிக்கொண்ட துணை அது. அதைத் துவைத்தால்கூட அந்தத் தொடர்பு அறுந்துவிடும் என்றார் அவர்.

வாசனை மட்டும்தானா? இல்லை. 2008-ல் புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு ஆய்வாளர்கள் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் 'அச்சு அசலாகப் பிரதி எடுக்கும் பெட்டி' என்று ஒரு வித்தைப் பெட்டியைக் காட்டினார்கள். பிரியமான பொம்மை வைத்திருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பழையதையே திருப்பிக் கேட்டார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை!

சரி, அழுக்குக்கு என்ன வழி? இரண்டரை வயதுப் பையனோடு ஒரு தாய் வந்தார். "ஐயா, தூளி கட்டின புடவைத் துண்டு, ஒரே நாத்தம். அது இல்லாம தூங்க மாட்டேங்கிறான். ஏதாவது லேகியம் கொடுங்க" என்றார். லேகியம் வேண்டாம் என்றேன். அதே புடவையில் மிச்சமிருந்ததில் இன்னொரு துண்டு கிழிக்கச் சொன்னேன். மூன்று இரவு தாய் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பிறகு பழைய துண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டு ஒரு வாரம் கொடுத்தார். பையன் இரண்டையும் சேர்த்தே பிடிக்கத் தொடங்கினான். அதன் பின் ஒன்று பையனிடம், ஒன்று துவைக்க. வாசனைப் பவுடர் போடாமல், சாதா சோப்பில் அலசி வெயிலில் காயப்போட்டால் போதும். துவைக்கும்போது பையனும் பார்க்கட்டும். திருட்டுத்தனமாக எடுக்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு வயது நிரம்பும்வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில் துணி, பொம்மை எதுவும் வேண்டாம், மூச்சு அடைக்கலாம். பொம்மையின் கண், பொத்தான் தளர்ந்திருந்தால் தைத்துவிடுங்கள்.

துணி கையில் இருந்தும் குழந்தை ஓடி விளையாடினால், பேசிச் சிரித்தால் கவலையே இல்லை. கூப்பிட்டால் திரும்பாமல், மனிதர்களை ஏறிட்டும் பார்க்காமல் துணியே கதி என்று கிடந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, விளையாட்டும் சிநேகிதர்களும் பெருகப் பெருக, குழந்தை அந்தத் துணியைத் தானாகவே ஒரு மூலையில் போட்டுவிடும்.