கொரியப் படமும் நம் மசாலாவும் ஒன்றல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை நம் வட்ஸ்அப் குழுவில் ஒரு வாதம் போனது. ஒரு சகோதரர் எழுதினார்: "கொரியாக்காரன் புதுசா என்னத்த செஞ்சிட்டான்? கொமெடி, சண்டை, அழுகை எல்லாம் ஒண்ணாப் போடுறான். அதெல்லாம் நம்மட படத்துல ஈக்கிறதுதானே!" பத்துப் பேர் கைதட்டினார்கள். இன்னொருவர், "படம் எண்டா ஒண்ணுல நிக்கணும், பேயா சிரிப்பா எண்டு முடிவெடுக்கணும்" என்றார். அதற்கும் கைதட்டல். இரண்டு பேச்சும் பிழை என்பதுதான் நம் வாதம்.

நம் மசாலாப் படம் ஒரு சஹன். சோறு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம், அச்சாறு ஒரு பக்கம். கவுண்டமணி செந்தில் காலத்துப் படங்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வரும் இடத்தை முழுக்க வெட்டி எடுத்தாலும் கதாநாயகன் வில்லனை அடிப்பது நிற்காது. அந்த நகைச்சுவையைத் தனி வீடியோவாகவே இன்றும் பார்க்கிறோம், சிரிக்கிறோம். அது குறை இல்லை, அது ஒரு முறை. ஆனால் நல்ல கொரியப் படத்தில் அப்படி வெட்டிப் பாருங்கள். சிரிப்பை எடுத்தால் அழுகை ஏன் வந்தது என்றே புரியாது.

ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறோம். போங் ஜூன் ஹோ 2006இல் எடுத்த 'த ஹோஸ்ட்'. சியோல் நகரின் ஹான் ஆற்றங்கரையில் ஒரு சிற்றுண்டிக் கடை. அதை நடத்தும் கிழவரின் மூத்த மகன் கங்-டு. எப்போதும் தூங்கி வழிகிற, எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யாத மனிதன். வாடிக்கையாளருக்குச் சுட்ட கணவாயிலேயே ஒரு காலைத் தின்றுவிடுவான். நாம் சிரிக்கிறோம். பிறகு பட்டப்பகலில் ஆற்றிலிருந்து ஒரு மிருகம் ஏறி வந்து ஆட்களைத் துரத்துகிறது. (பேய்ப் படங்களில் மிருகத்தைக் கடைசிவரை இருட்டில் ஒளித்து வைப்பார்கள். இவர் கால் மணித்தியாலத்துக்குள் வெயிலில் காட்டிவிடுகிறார்.) கங்-டு தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். தடுமாறி விழுந்து எழுந்து மறுபடி கையைப் பிடித்து ஓடித் திரும்பிப் பார்த்தால், பிடித்திருப்பது வேறொரு பிள்ளையின் கை. அவன் மகளை மிருகம் கொண்டுபோகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கையை மாற்றிப் பிடிப்பது ஒரு கொமெடிக் காட்சியின் பிழை. நம் படங்களில் இப்படிப் பிழைவிட்டு அடிவாங்காத நகைச்சுவை நடிகர் உண்டா? அதே பிழைதான் இங்கே ஒரு தகப்பனின் வாழ்க்கையை முடிக்கிறது. இடையில் வேறு காட்சி வரவில்லை, இசை மாறி "இனி அழுங்கள்" என்று சொல்லவில்லை. இது இதோடு முடியவும் இல்லை. பிற்பாடு மிருகத்தைத் தேடிப்போகும்போது கங்-டு தோட்டாவைப் பிழையாக எண்ணிவிடுகிறான். ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நம்பி அந்தத் துப்பாக்கியோடு கிழவர் மிருகத்துக்கு முன்னால் நிற்கிறார். விசையை அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் போகச் சொல்லிக் கையசைக்கிறார். தொடக்கத்தில் நம்மைச் சிரிக்க வைத்த அதே கவனக்குறைவுதான் அவரைக் கொல்கிறது. ஒரு மனிதனின் ஒரே குணம் முதலில் சிரிப்பு, பிறகு பயம், பிறகு மரணம். கலவை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதே படத்தில் ஒரு துக்க வீட்டுக் காட்சியும் உண்டு. மகளின் படத்துக்கு முன்னால் குடும்பமே கதறி, ஒருவரையொருவர் பிடித்துத் தரையில் உருளுகிறது. அந்த நேரம் கிருமிப் பாதுகாப்பு உடுப்போடு அறிவித்தல் கொடுக்க வரும் அதிகாரி எல்லாருக்கும் முன்னால் வழுக்கி விழுகிறார். சிரிப்பதா வேண்டாமா என்று நமக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லுங்கள், மையித்து வீட்டில் செருப்பு மாறிப்போய் சாச்சா ஒருவர் தேடி அலைவதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்காதவர் நம்மில் யார்? "ஒண்ணுல நிக்கணும்" என்கிற சகோதரருக்கு நம் பதில் இதுதான். வாழ்க்கை ஒன்றில் நிற்பதில்லை, படம் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

'பாரசைட்' 2020 பெப்ரவரியில் ஒஸ்கார் வாங்கியபோது நம் தமிழ் உலகம் என்ன செய்தது? அது 1999இல் வந்த விஜய்யின் 'மின்சார கண்ணா' கதை என்றார்கள். தயாரிப்பாளர் தேனப்பன் வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். ஒரு குடும்பமே உறவை மறைத்து ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்வது இரண்டிலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு வித்து மட்டும். 'பாரசைட்' முதல் பாதி ஏமாற்றுக்காரர்களின் கொமெடி. மழை இரவில், துரத்தப்பட்ட பழைய வேலைக்காரி வந்து அழைப்பு மணியை அடிக்கிறாள். அதிலிருந்து அது வேறு படம். அவளை விரட்ட அவர்கள் செய்த சூழ்ச்சிக்கு முதலில் சிரித்தவர்கள் நாம்தான், அந்தச் சிரிப்பின் கணக்கைத்தான் இரண்டாம் பாதி நம்மிடம் கேட்கிறது. கதையை யார் முதலில் சொன்னார் என்று சண்டை பிடித்தவர்கள் இதைப் பேசவே இல்லை.

தமிழில் யாரும் செய்யவில்லை என்று சொல்லவும் மாட்டோம். 2014இல் வந்த 'ஜிகர்தண்டா'வில் ரவுடியின் பெருமையே அவனைக் கொமெடி நடிகனாக்குகிறது. அது சஹன் இல்லை. கொரியாக்காரர் எல்லாரும் போங் ஜூன் ஹோவும் இல்லை. முதல் பாதி சிரிப்பு, கடைசி அரை மணித்தியாலம் வயலின் வைத்துப் பிழிகிற அழுகை என்று அங்கேயும் நிறையப் படங்கள் வருகின்றன. அதற்கு 'சின்ப்பா' என்று பெயர் வைத்து அவர்களே திட்டுகிறார்கள்.

நமக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொன்றில். நம் மாணவர்களிடம் கேட்டால் "பார்த்துட்டோம் சேர்" என்கிறார்கள். பார்த்தது படத்தை இல்லை, பதினைந்து நிமிடத்தில் தமிழில் கதை சொல்கிற வீடியோவை. அதில் மிருகம் வந்தது, மகளைக் கொண்டுபோனது, தாத்தா செத்தார் என்று இருக்கும். கங்-டு தின்ற கணவாய்க் கால் இருக்காது. அது இல்லாவிட்டால் தாத்தாவின் சாவு வெறும் தகவல்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: 'ஓல்ட்பாய்' போன்றவற்றில் தயவுசெய்து தொடங்க வேண்டாம், முதல் நாளே வெறுத்துவிடும். ரூபவாஹினியில் சிங்களத்தில் வந்த 'சுஜாத தியணி'யை விடாமல் பார்த்த உம்மாமார் இருக்கும் வீட்டில் 'மிஸ் கிரேனி' (2014) போடுங்கள். கிழவி ஒருத்தி இருபது வயதுப் பெண்ணாகிவிடும் கதை. இளைஞர்களுக்கு 'எக்ஸ்ட்ரீம் ஜொப்' (2019). போதைப்பொருள் கும்பலைக் கண்காணிக்கப் பொலிஸார் ஒரு பொரித்த கோழிக் கடையை வாங்குகிறார்கள், கடை ஓகோ என்று ஓடி, பொலிஸ் வேலைதான் படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு 'ட்ரெய்ன் டு பூசான்' (2016). ஓடுகிற ரயிலுக்குள் பிணங்கள் எழுந்து கடிக்கும் படம்தான், ஆனால் அது மகளுக்கு நேரம் கொடுக்காத ஒரு வாப்பாவின் கதை.

நான்காவதாக 'எ டெக்ஸி ட்ரைவர்' (2017). 1980 மே மாதம், ஒரு ஜெர்மன் ஊடகவியலாளரைக் காசுக்காகக் குவாங்ஜு நகருக்கு ஏற்றிப்போகும் சாரதி. பாட்டும் பேரம்பேசலுமாகத் தொடங்கி, இராணுவம் மக்களைச் சுடுகிற தெருவில் போய் நிற்கிறது. அங்கிருந்து தப்பி வந்தவன் பக்கத்து ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இருக்கும்போது, நடந்ததைப் பற்றிப் பொய்ச் செய்தியை நம்பி ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. 2018 மார்ச்சில் திகனப் பக்கம் எரிந்தபோது ஊரடங்கில் இருந்த நமக்கு அந்தக் கடைக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு 'த ஹோஸ்ட்', கடைசியாக 'பாரசைட்'. அதைப் பிள்ளைகளோடு பார்க்க முடியாது, அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். அழைப்பு மணி அடித்ததும் தேத்தண்ணி ஊற்ற எழும்ப வேண்டாம்.