நிழலில் மறையும் ஏகாரம்

சாய்கோணத்தில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டு அசோகர் கல்வெட்டை மொழிபெயர்ப்பது அவசரம். தௌலிப் பாறையின் ‘பியே’ என்னும் சொல்லில் ஏகாரம் என்பது யகரத்தின் உச்சியில் இடப்புறம் நீளும் சிறு கிடைக்கோடு மட்டுமே. பாறைப் புடைப்பின் நிழல் அதன்மேல் விழுந்தால் ‘பிய’ என்றே படிக்க நேரும். மொழிபெயர்ப்பில் இப்பிழை தெரியாது. பழகிய தொடராதலால் ‘தேவர்க்குப் பிரியன்’ என்றே பொருள் எழுதப்படும். இழப்பு வேறிடத்தில். அந்த ஏகாரமே கீழைப் பிராகிருதத்தின் எழுவாய் விகுதி. கிர்னாரில் அவ்விடத்தில் ஓகாரம் வரும். கிளைமொழிச் சான்று அத்துடன் போய்விடுகிறது. ஒளி வேறு திசையிலிருந்து விழும் இரண்டாம் படமோ மைப்படியோ கிடைக்கும்வரை அவ்வெழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவதே நேர்மை, மொழிபெயர்ப்பு காத்திருக்கலாம்.